பென்ஷனைத் தள்ளிப்போட்டால் எத்தனை ஆண்டில் கைக்கு வரும்?

வயது முடிந்துவிட்டது; வேலை முடியவில்லை. கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலையின் மேஸ்திரி, சென்னையில் ஒரு தனியார் பள்ளியின் கணக்காளர், சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மெஷின்மேன் என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் இந்த நிலையில் ஒருவர் இருப்பார். 58 முடிகிற மாதத்தில் முதலாளி கூப்பிட்டு, “இன்னும் ரெண்டு வருஷம் இருங்கண்ணே, உங்களை மாதிரி ஆள் எங்கே கிடைக்கும்” என்று சொல்வார். சம்பளம் தொடரும். பி.எஃப். பென்ஷனை இப்போதே வாங்குவதா, 60-இல் வாங்குவதா என்று அடுத்த கேள்வி வரும். “தள்ளிப்போட்டா கூட வரும்” என்று உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். எவ்வளவு கூட வரும், விட்ட பணம் எந்த வயதில் திரும்பும் என்று மட்டும் அவர் சொல்வதில்லை. அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். ஓய்வு வயதுக்குப் பிறகும் வேலை பார்ப்பது ஒன்று. ஓய்வூதியத்தைத் தள்ளிப்போடுவது வேறொன்று. பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றாகவே கலந்துகிடக்கின்றன. வேலையை விட்டுவிட்டு, சேமிப்பில் வாழ்ந்தபடி ஓய்வூதியத்தைத் தள்ளிப்போடலாம். வேலை பார்த்துக்கொண்டே ஓய்வூதியத்தையும் வாங்கலாம். வேலையும் பார்த்து, ஓய்வூதியத்தையும் தள்ளிப்போடலாம். தள்ளிப்போடுவதற்குக் கிடைக்கும் உயர்வு காத்திருந்ததற்கான கூலி. கூடுதல் ஆண்டுகள் உழைத்ததால் வரும் உயர்வு சந்தா கட்டியதற்கான பலன். இந்த இரண்டையும் தனித்தனியே எண்ணாதவர் கணக்கில் தவறுவார்.

தள்ளிப்போடும் ஏற்பாட்டை மிக விரிவாக வைத்திருக்கும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கேயும் அது தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1935 ஆகஸ்ட் 14 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஓய்வு வயது 65. வெர்மான்ட் மாநிலத்தின் லட்லோ ஊரைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர், 1940 ஜனவரி 31 தேதியிட்ட முதல் மாதக் காசோலையைப் பெற்றார். தொகை 22 டாலர் 54 சென்ட். மூன்றாண்டில் அவர் கட்டிய வரி மொத்தமே 24 டாலர் 75 சென்ட். நூறு வயது வாழ்ந்து, 1975-இல் இறப்பதற்குள் 22,888 டாலருக்கு மேல் வாங்கியிருந்தார்.

ஃபுல்லர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதே 65 வயதில் வேலையைத் தொடர்ந்தவரின் கதி என்ன? 1939-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஒரு மாதத்தில் 15 டாலரோ அதற்கு மேலோ சம்பாதித்தால் அந்த மாத ஓய்வூதியம் கிடையாது. அது பிற்பாடு கூடுதலாகத் திரும்பி வருவதும் இல்லை, போனது போனதுதான். உழைக்கும் கிழவரிடம் வரியும் பிடித்து ஓய்வூதியத்தையும் நிறுத்தும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. பெருமந்தக் காலத்தில் எழுதிய சட்டம் அது. முதியவர் இடத்தைக் காலி செய்தால் இளையவருக்கு வேலை கிடைக்கும் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது.

அந்த அநியாயத்தைச் சரிசெய்யப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1972-இல் வந்த சட்டம், தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 1 சதவீதம் கூட்டித் தரச் சொன்னது. அது பெயருக்குத்தான். 1977-இல் அது 3 சதவீதமாயிற்று. 1983-இல், ஆலன் கிரீன்ஸ்பான் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, ரீகன் காலத்துச் சட்டம் அதைப் படிப்படியாக 8 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. 1943-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு 8 சதவீதம். அதே சட்டம்தான் முழு ஓய்வு வயதையும் படிப்படியாக உயர்த்தியது. 1960-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு அது 67. அந்த வயதைத் தாண்டியவர் எவ்வளவு சம்பாதித்தாலும் ஓய்வூதியம் குறையாது என்ற நிலை 2000-ஆம் ஆண்டில் வந்தது.

இன்றைய விதியை ஒரு தொகையில் வைத்துப் பார்க்கலாம். 67 வயதில் மாதம் 2,000 டாலர் கிடைக்க வேண்டிய ஒருவர், அவசரப்பட்டு 62-லேயே வாங்கினால் 30 சதவீதம் வெட்டுப்பட்டு 1,400 டாலர் கிடைக்கும். 67-க்குப் பிறகு தள்ளிப்போட்டால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறும், ஆண்டுக்கு 8. 70 வயதில் 24 சதவீதம் ஏறி 2,480 டாலர் ஆகும். அதற்கு மேல் காத்திருந்தாலும் ஒரு சென்ட் ஏறாது.

இப்போது இழப்பை எண்ண வேண்டும். 67-லிருந்து 70 வரை 36 மாதம். மாதம் 2,000 வீதம் அவர் விட்டது 72,000 டாலர். அதற்குப் பதிலாக 70 முதல் மாதம் 480 கூடுதல். 72,000-ஐ 480-ஆல் வகுத்தால் 150 மாதம், அதாவது பன்னிரண்டரை ஆண்டு. எண்பத்திரண்டரை வயதில் விட்ட பணம் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வாழும் ஒவ்வொரு மாதமும் லாபம்.

இந்தக் கணக்கில் ஒரு குறுக்குவழி ஒளிந்திருக்கிறது. ஓய்வூதியம் 2,000 ஆனாலும் 500 ஆனாலும், தள்ளிப்போட்டது ஓராண்டானாலும் மூன்றாண்டானாலும் விடை அதே பன்னிரண்டரை ஆண்டுதான். 100-ஐ ஆண்டு உயர்வு விகிதத்தால் வகுத்தால் போதும். 8 சதவீதம் என்றால் பன்னிரண்டரை. 5 சதவீதம் என்றால் இருபது. எந்த நாட்டு ஓய்வூதியத் திட்டத்தின் விளம்பரத் தாளைப் பார்த்தாலும் இந்த ஒரு வகுத்தலைப் பென்சிலால் போட்டுவிடலாம். காத்திருந்து வாங்கத் தொடங்கிய வயதோடு விடையைக் கூட்டினால், எந்த வயது வரை வாழ்ந்தால் நட்டமில்லை என்பது தெரிந்துவிடும்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு: ஓய்வூதியம் விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1975 முதல் அது தானாகவே ஏறுகிறது. தள்ளிப்போட்டவர் காத்திருக்கும் ஆண்டுகளிலும் அந்த ஏற்றம் அவர் கணக்கில் சேரும். ஆகவே அந்த 8 சதவீதம் விலைவாசிக்கு மேல் கிடைக்கும் 8 சதவீதம். வேறுவிதமாகவும் சொல்லலாம். விட்ட 72,000 டாலரைக் கையில் வைத்திருந்து, அதிலிருந்து மாதம் 480 டாலர் வட்டியாக எடுக்க வேண்டுமானால், விலைவாசி உயர்வு போக 8 சதவீத வட்டி வேண்டும். பாதுகாப்பான எந்த வங்கி வைப்பிலும் அமெரிக்கருக்கு அது கிடைப்பதில்லை. முதல் மட்டும் மிஞ்சாது என்பது உண்மை. ஆனால் தொண்ணூறு வயதிலும் நிற்காத வருமானம் என்பது முதலைவிடப் பெரிய சொத்து.

இங்கேதான் பலர் இதைச் சூதாட்டமாகப் பார்த்துத் தவறுகிறார்கள். “எண்பத்திரண்டரை வரை நான் இருப்பேனா?” என்று கேட்கிறார்கள். சீக்கிரம் இறந்துபோனால் விட்ட பணத்தால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நெடுநாள் வாழ்ந்து, சேமிப்பு தீர்ந்து, பிள்ளைகளே முதியவர்களாகிவிட்ட நிலையில் மாதம் 480 டாலர் குறைவாக வருவதுதான் உண்மையான ஆபத்து. தள்ளிப்போடுவது அந்த ஆபத்துக்குக் கட்டும் காப்பீடு. தீராத நோய் உள்ளவரும், காத்திருக்கும் மூன்றாண்டு சாப்பாட்டுக்கே வழியில்லாதவரும் இந்தக் காப்பீட்டை வாங்க வேண்டியதில்லை. அவர்கள் முன்கூட்டியே வாங்குவதே சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணவன் மனைவி இருவரில் ஒருவர் இறந்தபின் என்ன நடக்கும் என்பது இந்தக் கணக்கை மாற்றிவிடும். கணவன் 70 வரை காத்திருந்து 2,480 வாங்கி, பிறகு இறந்தால், தன் சொந்த ஓய்வூதியம் குறைவாக உள்ள, முழு ஓய்வு வயதை எட்டிய மனைவிக்கு அந்த 2,480 முழுதாகத் தொடரும். இருவரில் யார் நெடுநாள் வாழ்கிறாரோ அவரது வயதைத்தான் இங்கே எண்ண வேண்டும். கணவன் உயிரோடு இருக்கும்போது மனைவிக்குக் கிடைக்கும் பாதிப் பங்கு மட்டும் இதில் ஏறாது; அது 67 வயதுத் தொகையின் பாதியாகவே நிற்கும். எனவே தம்பதியரில் அதிகம் சம்பாதித்தவர் தள்ளிப்போடுவதும், குறைவாகச் சம்பாதித்தவர் முன்னதாக வாங்குவதும் பல குடும்பங்களில் பொருந்தி வருகிறது.

இதில் ஏமாறும் இடங்களும் உண்டு. 68 அல்லது 69 வயதில் விண்ணப்பிக்கப் போனவரிடம், ஆறு மாதப் பாக்கியை மொத்தமாக இப்போதே தருகிறோம் என்று அலுவலகம் சொல்லும். கையில் பெரிய தொகை வருவது இனிக்கும். ஆனால் அந்த ஆறு மாதமும் தள்ளிப்போட்டதாகக் கணக்கில் வராது. மாதத் தொகை ஆயுள் முழுக்க 4 சதவீதம் குறைந்துவிடும். இன்னொன்று, 70 தாண்டியும் விண்ணப்பிக்க மறப்பது. பின்தேதியிட்டுத் தருவது ஆறு மாதத்துக்கு மட்டுமே என்பதால் அதற்கு முந்திய மாதங்கள் வீண். மூன்றாவது, ஓய்வூதியத்தைத் தள்ளிப்போடுகிறவர் மெடிகேர் மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துத் தள்ளிப்போடுவது. மெடிகேருக்கு வயது இன்றும் 65 தான். வேலை வழியாக வேறு காப்பீடு இல்லாதவர் அதன் ‘பி’ பகுதியில் தாமதமாகச் சேர்ந்தால், தாமதித்த ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீத அபராதம் சேரும், அதுவும் வழக்கமாகக் காப்பீடு உள்ள வரைக்கும்.

வேலையைத் தொடர்வதன் தனிப் பலனையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது நேரே பொருந்தும். அமெரிக்க ஓய்வூதியம், அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் சராசரியில் போடப்படுகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துவிட்டு நாற்பது வயதில் அங்கே போன பொறியாளர் 67 வயதில் 27 ஆண்டுதான் முடித்திருப்பார். மீதி எட்டு இடங்களிலும் பூஜ்யம் உட்கார்ந்திருக்கும். அவர் கூடுதலாக உழைக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பூஜ்யத்தை அகற்றுகிறது. 35 ஆண்டும் நிறைந்தவருக்கு அதே உழைப்பு, பழைய குறைந்த சம்பள ஆண்டு ஒன்றை மட்டுமே மாற்றும். பெரிய வித்தியாசம் வராது. சராசரி ஏறும் அதே விகிதத்தில் ஓய்வூதியம் ஏறுவதில்லை. குறைந்த வருமானத்துக்கு அதிகப் பங்கும் கூடிய வருமானத்துக்குக் குறைந்த பங்கும் தரும் படிமுறை அது. என்றாலும் தாமதமாகக் குடியேறியவருக்கு 67-க்குப் பிந்தைய மூன்றாண்டு வேலை, காத்திருப்பின் 24 சதவீதத்துக்கும் மேலே ஒரு நல்ல கூடுதல்.

விகிதம் என்பது இயற்கை விதியல்ல, அரசின் முடிவு என்பதற்குப் பிரிட்டன் நல்ல சாட்சி. அங்கே 2016 ஏப்ரல் 6-க்கு முன் ஓய்வு வயதை எட்டியவர்களுக்கு, தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஐந்து வாரத்துக்கும் 1 சதவீதம், ஆண்டுக்கு 10.4. அந்த நாளிலும் அதற்குப் பிறகும் எட்டியவர்களுக்கு ஒன்பது வாரத்துக்கு 1 சதவீதம், ஆண்டுக்கு சுமார் 5.8. நம் வகுத்தலைப் போட்டால், ஒன்பதரை ஆண்டில் திரும்பி வந்த பணம் இப்போது பதினேழு ஆண்டு கழித்து வருகிறது. ஒரே தெருவில் ஒரு வாரம் முன்பின் பிறந்த இருவருக்கு இந்த வித்தியாசம்.

இந்த அளவுகோலோடு நம் ஊருக்கு வரலாம்.

இந்தியாவில் தனியார் துறைத் தொழிலாளர்களுக்கு இருப்பது 1995 நவம்பர் 16 அன்று தொடங்கிய பணியாளர் ஓய்வூதியத் திட்டம், எல்லோரும் இ.பி.எஸ். என்பார்கள். முதலாளி கட்டும் பங்கிலிருந்து, உச்சவரம்புக்கு உட்பட்ட சம்பளத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. 2014 செப்டம்பர் முதல் அந்த உச்சவரம்பு 15,000 ரூபாய். குறைந்தது பத்தாண்டு சேவை இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம். கடைசி 60 மாதச் சம்பளச் சராசரியைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதத் தொகை வரும். வேலையில் தொடர்கிறவரும் 58 முடிந்ததும் அதை வாங்கலாம். வாங்குவதற்காக வேலையை விட வேண்டியதில்லை. தள்ளிப்போடும் வசதி 2016-இல் வந்தது. 60 வயது வரை தள்ளிப்போடலாம். முழுதாக முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் ஏறும். தள்ளிப்போடும் காலத்தில் சந்தாவைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதும் உறுப்பினர் விருப்பம்.

100-ஐ 4-ஆல் வகுத்தால் 25. அறுபதோடு கூட்டினால் 85.

நூற்பாலை மேஸ்திரியின் கணக்கிலேயே பார்க்கலாம். 58 வயதில் அவருக்கு 16 ஆண்டு சேவை. கடைசி ஐந்தாண்டும் உச்சவரம்புச் சம்பளம். 15,000-ஐ 16-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 3,429 ரூபாய். சந்தா கட்டாமல் இரண்டாண்டு தள்ளிப்போட்டால் 8 சதவீதம் ஏறி 3,703. கூடுதல் 274 ரூபாய். அதற்காக அவர் விட்டது 24 மாதப் பென்ஷன், 82,296 ரூபாய். அது திரும்ப 300 மாதம் ஆகும். இதைவிட மோசமான செய்தி ஒன்று உண்டு. 58-லேயே பென்ஷனை வாங்கி, அந்த 82,296 ரூபாயை ஒழுங்காக அஞ்சலகத்திலோ வங்கியிலோ போட்டுவைத்தால், வெறும் 4 சதவீத வட்டியிலேயே மாதம் 274 ரூபாய் வந்துவிடும். முதலும் அவருடையதாகவே இருக்கும். வட்டி 6 சதவீதமானால் மாதம் 411 ரூபாய். இ.பி.எஸ். தொகை விலைவாசியோடு ஏறுவதுமில்லை. இன்றைய 274 ரூபாய் அவருடைய எண்பதாவது வயதிலும் அதே 274 ரூபாய்தான். எண்ணிக்கை அப்படியே இருக்கும், வாங்கும் பொருள் சுருங்கிக்கொண்டே போகும்.

சந்தாவையும் தொடர்ந்தால் நிலைமை மாறுகிறது. சேவை 18 ஆண்டாகிறது. 15,000-ஐ 18-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 3,857. அதன்மேல் 8 சதவீதம் ஏறினால் 4,166 ரூபாய். 58 வயதுத் தொகையைவிட மாதம் 737 கூடுதல். இழப்புப் பக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சந்தா தொடரவில்லையென்றால் முதலாளி கட்டும் மாதம் 1,250 ரூபாய் அவருடைய பி.எஃப். கணக்கில் விழுந்திருக்கும், இரண்டாண்டில் 30,000. ஆக மொத்தம் விட்டது சுமார் 1,12,300 ரூபாய். வட்டியைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், 737 வீதம் அது 152 மாதத்தில் திரும்பும். வயது எழுபத்திரண்டே முக்கால் நெருங்கியிருக்கும். 85 எங்கே, இது எங்கே! ஆனால் இந்த லாபத்தின் பெரும்பகுதி காத்திருந்ததால் வந்ததல்ல, கூடுதலாக உழைத்துச் சந்தா கட்டியதால் வந்தது. 737-இல் 4 சதவீத உயர்வின் பங்கு 309 ரூபாய்தான். மீதி 428 இரண்டாண்டுச் சேவையின் பங்கு.

இதிலும் ஒரு சிக்கல் அடிக்கடி எழுகிறது. 58 முடிந்ததும், உறுப்பினர் விருப்பம் தெரிவிக்காத நிலையில், ஓய்வூதியப் பங்கை நிறுத்தி முதலாளியின் 12 சதவீதத்தையும் பி.எஃப். கணக்கிலேயே போட வேண்டும். சில நிறுவனங்களின் கணக்குப் பிரிவு பழைய பழக்கத்தில் ஓய்வூதிய நிதிக்கே தொடர்ந்து அனுப்பிவிடுகிறது. உறுப்பினர் 10டி படிவம் கொடுக்கும்போது கணக்கு ஒத்துவராமல் விண்ணப்பம் நிற்கும். தவறாகப் போன பணத்தைத் திருப்பி மாற்ற அலைய வேண்டிவரும். இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. 58 முடிந்த அடுத்த மாதப் பாஸ்புக்கைத் திறந்து, ஓய்வூதியப் பங்கு என்ற பத்தியில் 1,250 இருக்கிறதா பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். விருப்பம் தெரிவிக்காதவருக்கு அங்கே பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.

ஆகவே 58-ஐ எட்டும் இ.பி.எஸ். உறுப்பினருக்குத் தெளிவாகவே ஒன்றைச் சொல்லலாம். சந்தாவைத் தொடராமல் வெறுமனே காத்திருப்பது நட்டம். 58-லேயே வாங்கிக்கொள்வது நல்லது, வேலையில் இருந்தாலும் சரி. சந்தாவைத் தொடர்ந்து உழைக்க முடியுமென்றால், உடல்நலமும் கைச்செலவுக்குச் சம்பளமும் இருந்தால், தள்ளிப்போடுவதை யோசிக்கலாம். நிதியை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நீட்டித்து உழைப்பவருக்கு நியாயம் செய்ய நினைத்தால் 4 சதவீதத்தை உயர்த்த வேண்டும். ஓய்வூதியத்தை விலைவாசியோடு இணைக்க வேண்டும். அதுவரைக்கும், தள்ளிப்போட விருப்பம் கேட்கும் தாளிலேயே, விட்ட பணம் எந்த வயதில் திரும்பும் என்பதை உறுப்பினருக்குப் புரியும் தமிழில் ஒரு வரி அச்சிட்டுத் தரட்டும்.